சிவப்பா, பச்சையா: ஒரு தஞ்சாவூர் ஓவியத்தின் படக்குறிப்பு

மொரிசியஸில் காத்ர் போர்னில் இருக்கும் என் அத்தை தஞ்சாவூர் ஓவியம் வரைபவர். கும்பகோணத்தில் பிறந்து, என் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். வரைந்ததைக் கைபேசியில் படம் எடுத்து, கூடவே இரண்டு வரி எழுதி, உறவுக்காரர்களும் கோயில் பழக்கத்தில் வந்தவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்த ஆய்வு. ஆள் ஒருவரே, குழுவும் ஒன்றே. ஆனால் ஒரு குறிப்புக்குப் பாராட்டு மட்டும் குவிந்தது, இன்னொன்றுக்கு வந்த பதிலால் ஓவியமே மாறியது. ஏன் என்று பார்த்தால், பணிவாக எழுதினோமா இல்லையா என்பதைவிட, எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டோம் என்பதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

முதல் ஓவியம் வெண்ணெய்த் தாழி கிருஷ்ணன். வரைந்து முடித்து, கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டமும் அடித்தாகிவிட்டது. அதைச் சுவரில் மாட்டி, மேலே குழல்விளக்கு எரிய, நேராக நின்று படம் எடுத்தார். கூடவே எழுதியது இது:

"சும்மா பொழுதுபோக்காக வரைந்தது. அவ்வளவு நன்றாக வரவில்லை. தப்பு இருந்தால் மன்னிக்கவும். உங்கள் கருத்துகளைக் கண்டிப்பாகச் சொல்லவும்."

உடனே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. "அருமை", "சூப்பர் அக்கா", "மரி ஸோலி". கிரியோலில் ரொம்ப அழகு என்று சொல்ல எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். பாதிப் பேர், "நன்றாக வரவில்லை என்று ஏன் சொல்றீங்க, ரொம்ப நல்லா இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் "கிருஷ்ணர் முகம் கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று எழுதி, பத்து நிமிடத்தில் அதையும் அழித்துவிட்டார்.

அத்தைக்கு உண்மையிலேயே வருத்தம். "குறை சொல்லுங்கன்னு கேட்டாலும் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

திறக்க மாட்டார்கள்தான். அந்தக் குறிப்பில் அதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, தன்னைத் தாழ்த்திக்கொண்டது. "நன்றாக வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், படிப்பவர் முதலில் அதை மறுத்தாக வேண்டும். நம் பேச்சு வழக்கில் மரியாதை அப்படித்தான் ஓடுகிறது. "சாப்பாடு ஏதோ இருக்கு, சாப்பிடுங்க" என்கிற வீட்டில் யாரும் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதில்லை. அடக்கம் என்று நினைத்து எழுதிய வரி, படிப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையைக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது, அது சாமி படம். கிருஷ்ணனின் முகத்தில் குறை சொன்னால் வரைந்தவரிடம் சொல்வது போல் இருக்காது, சாமியிடம் சொல்வது போல் இருக்கும். முகம் மங்கல் என்று எழுதி அழித்தவர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்ன காரணமும் அதுதான்: "சாமியப் போய் மங்கல்னு சொல்லலாமா?" பூச்சாடியோ கடற்கரையோ வரைந்து போட்டிருந்தால் இந்தத் தயக்கம் வந்திருக்காது. நம்மவர்கள் வீட்டில் செய்யும் கைவேலையில் சாமி படம் நிறைய என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. கேள்வியைச் சாமியிடமிருந்து நகர்த்தி, பின்புலம், தூண், கரை என்று ஒரு கைவேலைப் பகுதியின் மேல் வைத்தால்தான் வாய் திறக்கிறது.

மூன்றாவது தடைதான் பெரியது. கண்ணாடி போட்ட ஓவியத்தில் இனி என்ன மாற்ற முடியும்? படத்தில் சட்டத்தைப் பார்த்ததுமே, வேலை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. முடிந்த வேலையில் குறை சொல்ல நல்ல மனம் உள்ள யாருக்கும் தோன்றாது.

அந்த ஒற்றைப் பதிலாவது சரியா என்று பார்க்க ஓவியத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகம் மங்கலாகவே இல்லை. நல்ல வெளிச்சமான முகம். குற்றம் படம் எடுத்த விதத்தில் இருந்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தகடு நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். கைபேசி அந்தப் பளபளப்பைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு, மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ரேக்கு சரியாகத் தெரியும், முகமும் அடர்ந்த நிறங்களும் கறுத்துப் போகும். மேலே எரிந்த குழல்விளக்கு கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடாகவும் விழுந்திருந்தது. ஆக, வந்த ஒரே விமரிசனமும் ஓவியத்தைப் பற்றியது அல்ல, கைபேசியைப் பற்றியது.

படத்தைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி எது, சொல்ல முடியாத கேள்வி எது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கேதான் பிடிபட்டது. நிறம் துல்லியமாக இருக்கிறதா, ரேக்கு நன்றாகப் பளபளக்கிறதா, மக்கு என்கிற பசையால் மேடாக்கிய வேலை போதுமான அளவு புடைத்திருக்கிறதா என்பதெல்லாம் கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். எது எடுப்பாக நிற்கிறது, எது எதற்குள் மறைந்து போகிறது, எங்கே நெரிசல் என்பதைப் படத்திலேயே பார்க்கலாம். கேட்பதானால் இரண்டாவது வகையைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த ஓவியம் முருகன். வேலும் மயிலுமாக நிற்கிற கோலம். இங்கே தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அன்று கூட்டம் அலைமோதும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. இந்த முறை பாதி வேலையிலேயே படம் போடுவது என்று பேசிக்கொண்டோம். எந்தப் பாதியில் என்பதுதான் கேள்வி.

இதற்கு அந்த ஓவியத்தின் வேலை வரிசை தெரிய வேண்டும். முதலில் பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியும் கோந்தும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதில் உருவத்தை வரைந்து, கற்களைப் பதித்து, கற்களைச் சுற்றி மக்கு வைத்துப் புடைக்கச் செய்வார்கள். மக்கு நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் ரேக்கு ஒட்டி, கற்கள் இருக்கும் இடத்தில் மட்டும் ரேக்கை வெட்டி எடுப்பார்கள். அப்புறம்தான் வண்ணம். பின்புலம், உடை, உடம்பு என்று போய், முகமும் கண்ணும் கடைசியில்.

இந்த வரிசையில் ஒவ்வொரு படி தாண்டும்போதும் சில கேள்விகள் காலாவதியாகிவிடுகின்றன. அத்தைக்குக் கல்லைப் பற்றிக் கேட்க ஆசை. முருகனைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியில் சிவப்புக் கல் கொஞ்சம் நெருக்கமாக வைத்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் அவருக்கு. ஆனால் ரேக்கு ஒட்டியாகிவிட்டது. இனிக் கல்லைப் பெயர்த்தால் மக்கும் ரேக்கும் சேர்ந்து கிளம்பும். "அத்தை, நெருக்கமா இருக்குன்னு பத்துப் பேர் சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அப்படியானால் அதைக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால், அடுத்த முறை அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

மாற்றக்கூடியதாக அப்போது மிஞ்சியிருந்தது பின்புலத்தின் நிறம். தஞ்சாவூர் ஓவியத்தில் அடர் சிவப்பு, பச்சை, நீலம் இவையே பின்புலத்தில் அதிகம். அத்தை சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல கேள்வி. உண்மையிலேயே முடிவு எடுக்காத கேள்வி, படத்தில் பார்க்கக்கூடியது, சாமியின் முகத்தைத் தொடாதது.

படம் எடுத்த விதத்தையும் மாற்றினோம். விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பலகையை ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தியதும் நிழல் பக்கமும் தெளிந்தது. கைபேசித் திரையில் ரேக்கு இல்லாத இடத்தில், அதாவது முருகனின் முகத்துக்கு அடிவண்ணம் மட்டும் பூசியிருந்த இடத்தில், விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சக் கணக்கு அந்த இடத்துக்கு ஏற்றபடி நின்றுவிடும். ரேக்கு சற்று வெளுத்துத் தெரிந்தது. பரவாயில்லை, கேள்வி ரேக்கைப் பற்றியது அல்ல.

வெற்றுப் பின்புலத்தில் ஒரு பக்கம் சிவப்புத் தாளும் இன்னொரு பக்கம் பச்சைத் தாளும் உருவத்தின் ஓரத்துக்குத் தக்கபடி வெட்டி வைத்தோம். பள்ளிக்கூடத்துச் சார்ட் தாள்தான். இரண்டு நிறத்துக்கும் தனித்தனிப் படம் எடுத்திருந்தால், இடையில் ஒரு மேகம் வந்தால் போதும், ஒப்பிடவே முடியாது. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் கைபேசி செய்யும் கோளாறு இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

சரி, குறிப்புக்கு வருவோம். அத்தை முதலில் எழுதியதில் "இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை" என்று இருந்தது. பார்ப்பவருடைய இடதா, முருகனுடைய இடதா? முருகன் வலக்கையில் பிடித்திருக்கும் வேல் பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். சாமி படம் பார்த்துப் பழகியவர்களில் பலர் சாமியின் வலம் இடம்தான் பேசுவார்கள். பதில் வந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று நமக்கே குழம்பிவிடும். அதனால் "வேல் பக்கம்", "மயில் பக்கம்" என்று மாற்றினோம். கடைசியில் போனது இது:

"வேல் பக்கம் சிவப்புத் தாள், மயில் பக்கம் பச்சைத் தாள். எந்தப் பக்கம் முருகன் எடுப்பாகத் தெரிகிறார்? பார்த்ததும் தோன்றியதைச் சொன்னால் போதும், குரலில் அனுப்பினாலும் சரி, எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி. ரேக்கு ஒட்டி முடிந்தது, பின்புலம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பலகை ஓர் அடி உயரம், முக்கால் அடி அகலம். ஞாயிற்றுக்கிழமை வண்ணம் தொடுகிறேன்."

அதன் கீழே கிரியோலில் ஒரு வரி: "ஃபோன்-லா, ரூஸ் உஸ்வா வேர்?" பின்னணி சிவப்பா பச்சையா, அவ்வளவுதான். இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் எழுத்துப் படித்திருந்தாலும், நாலு வரித் தமிழை வாசித்து முடிக்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், இந்தக் குழுவில் பாதிப் பேர் படத்துக்கு மட்டும் ஒரு கைகூப்பல் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

கேள்வி முதல் இரண்டு வரிக்குள் வந்ததற்கும் காரணம் உண்டு. நீளமான குறிப்பை வெட்டி, மிச்சத்தை ஒரு தட்டலுக்குப் பின்னால் மறைத்து வைப்பது பல செயலிகளின் வழக்கம். அளவும் ரேக்கும் மறைந்தால் பாதகமில்லை. கேள்வி மறைந்தால் மறுபடியும் "அருமை"தான்.

மென்மை எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பார்த்ததும் தோன்றியதைச் சொன்னால் போதும்" என்ற இடத்தில் என்பேன். நிபுணராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்லக் கட்டாயமில்லை, பேசாமல் இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. முதல் குறிப்பின் "கண்டிப்பாக" இருந்த இடத்தில் இது வந்தது. "தப்பு இருந்தால் மன்னிக்கவும்" என்பதற்குப் பதிலாக எதையும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தது கறாராகத் தோன்றலாம். ஆனால் அதுவும் ஒரு வகை மரியாதைதான்: நீங்கள் சொல்வது இந்தத் தேதிக்குள் வந்தால் கையில் எடுத்துக்கொள்வேன், வராவிட்டாலும் நான் காத்து நிற்கவில்லை.

தனியாக அனுப்பலாம் என்று சொன்னதற்கு இன்னொரு பலனும் கிடைத்தது. குழுவில் முதலில் பெரியவர் ஒருவர் "பச்சை" என்று போட்டார். உடனே பின்னால் வந்தவர்களும் பச்சை, பச்சை. அவரை மறுத்துப் பேச யாருக்கும் மனமில்லை. தனியாக வந்தவை மட்டும் கலவையாக இருந்தன. குழுவில் விழுந்த பச்சைகளை எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்திருப்போம். எண்ணிக்கையை விட்டுவிட்டு, காரணம் சொன்ன பதில்களை மட்டும் எடுத்துப் பார்த்தோம்.

அப்படி இரண்டுதான் கிடைத்தன. முதலாவது, அத்தையின் நாத்தனார் மருமகள் அனுப்பிய குரல் செய்தி. பாதி தமிழ், பாதி கிரியோல். "பச்சை நல்லாத்தான் இருக்கு அத்தை, ஆனா மயில் எங்க போச்சு?" என்று கேட்டிருந்தார். மறுபடி படத்தைப் பார்த்தால் உண்மைதான். மயிலின் தோகையும் பச்சை, பின்னால் இருந்த தாளும் பச்சை, கழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது. பச்சையை மயில் பக்கமே வைத்ததால் இது வெளியில் வந்தது, அது நல்லது. ஆனால் சிவப்பு மயிலுக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று அந்தப் படத்தில் தெரியவே வழியில்லை. தாளை இடம் மாற்றி இன்னொரு படம் எடுத்து, அவருக்கு மட்டும் அனுப்பினோம். தோகை சட்டென்று முன்னால் வந்து நின்றது.

இரண்டாவது, கோயிலில் பழக்கமான ஒருவர் தனியாக எழுதியது. சிவப்பு வைத்தால் திருவாசியில் உள்ள சிவப்புக் கற்கள் பின்புலத்தோடு கலந்துவிடும் என்றார். படத்தில் அவர் சொன்னபடிதான் தெரிந்தது. ஆனால் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லையும் சுற்றி ரேக்கு ஒரு மெல்லிய தங்கக் கோடாக நிற்கிறது. கல் பின்புலத்தைத் தொடவே இல்லை. கைபேசித் திரையில் ஓவியம் சுருங்கியதில் அந்தக் கோடு காணாமல் போயிருந்தது. அவர் சொன்னது தப்பு இல்லை, அவர் பார்த்த அளவில் அது சரி. மாட்டப் போகும் சுவரில் அந்தச் சிக்கல் வராது. வருகிற பதிலை இப்படி ஒரு தடவை பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

அத்தை சிவப்பையே எடுத்துக்கொண்டார். ஆனால் முதலில் நினைத்திருந்த பளிச்சென்ற சிவப்பை விட்டுவிட்டு, கொஞ்சம் கறுப்புக் கலந்து அடர்த்தியாக்கினார். கல்லைப் பற்றி எழுதியவரின் கருத்துக்கு அந்த அளவு இடம் கொடுத்தார் என்று சொல்லலாம். பூசி முடித்ததும் குழுவில் இன்னொரு படம் போட்டார். குறிப்பு ஒரே வரி: "மயில் மறையாமல் இருக்கச் சிவப்பு வைத்தேன், கல் கலக்காமல் இருக்க அடர்த்தியாக்கினேன்." யார் பெயரும் போடவில்லை. சொன்ன இருவருக்கும் தெரியும். பச்சை என்று முதலில் போட்ட பெரியவருக்கும் காரணம் தெரிந்துவிட்டது, அவர் முகம் வாடவும் வழியில்லை.

இந்த முறையில் கிடைக்காதது ஒன்று உண்டு. முருகனின் இடது முழங்கை கொஞ்சம் நீளம் என்று எனக்கு ஒரு எண்ணம். குழுவில் யாரும் அதைத் தொடவில்லை, அத்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வரைகோட்டின் பிழையை ஒரு படக்குறிப்பின் கீழே, பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் எழுத நம்மில் யாரும் துணிய மாட்டோம். அதற்குக் கல் பதிப்பதற்கு முன்பே, பென்சில் கோடாக இருக்கும்போதே, தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

விற்பனைக்கு வைக்கும் ஓவியத்துக்கும் இது பொருந்தாது. வாங்க வருகிறவர் முன்னால் பின்புலம் முடிவாகவில்லை என்று சொன்னால், அவர் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார். அங்கே அளவு, ரேக்கின் தரம், சட்டம், விலை என்று எழுதினால் போதும்.

கடைசியாக வந்த பதில் யாரும் கேட்காத ஒன்று. வண்ணம் பூசிய பிறகு போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒருவர், தூணின் கீழ்ப்பகுதியில் ரேக்கின் ஓரம் எழும்பியிருப்பதாகக் குரல் செய்தி அனுப்பினார். காத்ர் போர்னில் மழைக்காலக் காற்றில் ஈரம் தங்கிவிடும். மேலே காய்ந்தது போல் தோன்றினாலும் மக்கு உள்ளே காய்ந்திருக்காது, அப்போது ரேக்கை ஒட்டினால் ஓரம் இப்படிக் கிளம்பும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்ததால்தான் அது நிழலாகத் தெரிந்தது, நேர் வெளிச்சத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அத்தை மெல்லிய தூரிகையால் அடியில் கோந்து தடவி, மெல்லிய துணியால் அழுத்தி விட்டார். கண்ணாடி போடுவதைத் தள்ளிவைத்திருக்கிறார்.